நூறு இலட்சமும் ஐந்து திட்டங்களும்: மூலதனப் பங்கீட்டில் இலாபத்தன்மைக் குறியீடு எதுவரை கைகொடுக்கும்?

ஒரு நிறுவனத்தின் முன் ஐந்து முதலீட்டுத் திட்டங்கள் இருக்கின்றன. ஐந்துமே இலாபம் தரக்கூடியவை. எதையும் கூடாது என்று ஒதுக்கக் காரணமில்லை. ஆனால் கையில் இருக்கும் பணம் ஏறக்குறைய பாதித் தேவைக்குத்தான் போதும். மூலதனப் பங்கீடு என்று நிதி மேலாண்மையில் சொல்லப்படுவது இந்த நிலைமையைத்தான். பணத்துக்குக் குறைவில்லாத இடத்தில், எதிர்கால வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்துக் கிடைக்கும் நிகர இன்றைய மதிப்பு சுழியத்துக்கு மேல் இருக்கும் எல்லாத் திட்டங்களையும் ஏற்கலாம் என்ற ஒரே விதி போதும். பணம் குறைவாக இருக்கும்போது அந்த விதி எதையும் தீர்த்துவைப்பதில்லை. நல்ல திட்டங்களுக்குள்ளேயே எதை விடுவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

இதற்குப் பாடநூல்கள் தரும் கருவி இலாபத்தன்மைக் குறியீடு. ஒரு திட்டத்தின் எதிர்கால வரவுகளின் இன்றைய மதிப்பை, அதற்குத் தொடக்கத்தில் தேவைப்படும் முதலீட்டால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. போடும் பணத்தில் ஒவ்வோர் அலகும் எவ்வளவு மதிப்பைத் திருப்பித் தருகிறது என்பதை அது காட்டுகிறது. அந்தக் கருவி எங்கே சரியாக வேலை செய்கிறது, எங்கே தடம் மாற்றிவிடுகிறது என்பதை ஒரு நிகழ்வை முழுமையாகக் கணக்கிட்டுப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். நிகழ்வு விளக்கத்திற்காக அமைத்துக்கொள்ளப்பட்டது. எண்கள் எளிதாகப் பின்தொடரும்படி முழுமையாக்கப்பட்டவை.

ஆலையும் அதன் நிலையும்

இது நடுத்தர அளவிலான ஒரு வார்ப்பாலை, அதாவது ஃபவுண்டரி. இரும்பை உருக்கி, மணல் அச்சுகளில் ஊற்றி, இயந்திரங்களுக்கான பாகங்களை வார்த்துத் தருவது அதன் தொழில். முன்பு வாங்கிய நீண்டகாலக் கடனை அடைத்து முடிக்கும்வரை வேறு கடன் வாங்கக் கூடாது என்று வங்கியுடன் செய்த ஒப்பந்தத்தில் நிபந்தனை இருக்கிறது. அந்தக் கடன் இன்னும் 11 மாதங்களில் முடிகிறது. பங்குதாரர்கள் புதிய பங்குகளை வெளியிட விரும்பவில்லை. ஆகவே இந்த ஆண்டுக்கு உள்வரவிலிருந்து ஒதுக்கக்கூடிய 100 இலட்சம் மட்டுமே முதலீட்டுக்கான பணம். போட்ட பணம் ஆண்டுக்குக் குறைந்தது ஈட்ட வேண்டிய வீதம், அதாவது ஆலையின் மூலதனச் செலவு வீதம், 12 விழுக்காடு.

பிரிவுகள் முன்வைத்த திட்டங்கள் ஐந்து. பழைய உலைக்குப் பதிலாக மின்சாரம் குறைவாகச் செலவாகும் இன்டக்ஷன் உலை ஒன்று. பயன்படுத்திய அச்சு மணலைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தும் மணல் மீட்பு அமைப்பு. கசிவும் மின்செலவும் மிகுந்த பழைய காற்றழுத்திகளுக்குப் பதிலாகப் புதிய கம்ப்ரசர்கள். வார்ப்புகளைக் கடைந்து முடித்துத் தருவதற்கான சி.என்.சி. எந்திரங்களுடன் ஒரு மெஷின் ஷாப். உருகிய உலோகத்தின் சேர்மானத்தை ஊற்றுவதற்கு முன்பே அளந்து, கழிவு வார்ப்புகளைக் குறைக்க ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர்.

குறியீடு எப்படிக் கிடைக்கிறது என்பதற்குக் கம்ப்ரசரை எடுத்துக்கொள்ளலாம். முதலீடு 25 இலட்சம். ஆண்டுக்கு 10 இலட்சம் வீதம் 5 ஆண்டுகளுக்கு மின்செலவும் பராமரிப்பும் மிச்சமாகும். 12 விழுக்காட்டில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் முதல் ஆண்டின் 10 என்பது 8.93 ஆகவும், அடுத்தடுத்த ஆண்டுகளில் 7.97, 7.12, 6.36, 5.67 ஆகவும் குறைகிறது. மொத்தம் 36.05, வசதிக்காக 36 என்று கொள்வோம். 36-இலிருந்து 25-ஐக் கழித்தால் நிகர இன்றைய மதிப்பு 11. 36-ஐ 25-ஆல் வகுத்தால் குறியீடு 1.44. மற்ற நான்கும் இதே முறையில் கணக்கிடப்பட்டவை.

| திட்டம் | முதலீடு (இலட்சம்) | வரவுகளின் இன்றைய மதிப்பு | நிகர இன்றைய மதிப்பு | குறியீடு |
|---|---|---|---|---|
| கம்ப்ரசர் | 25 | 36 | 11 | 1.44 |
| மணல் மீட்பு | 30 | 42 | 12 | 1.40 |
| உலை | 50 | 68 | 18 | 1.36 |
| மெஷின் ஷாப் | 70 | 90 | 20 | 1.29 |
| ஸ்பெக்ட்ரோமீட்டர் | 20 | 25 | 5 | 1.25 |

ஐந்தையும் செய்ய 195 இலட்சம் வேண்டும். கையில் இருப்பது 100.

வரிசைப்படி எடுத்தால்

நிகர இன்றைய மதிப்பு அதிகமான திட்டத்திலிருந்து தொடங்குவது ஒரு வழி. மெஷின் ஷாப் 70 இலட்சத்தை எடுத்துக்கொள்ளும். மீதம் 30. அடுத்த இடத்தில் உள்ள உலைக்கு அது போதாது; அதற்கும் அடுத்த மணல் மீட்புக்குச் சரியாகப் போதும். மொத்த நிகர மதிப்பு 32.

இந்த வழி தவறு என்றும், பற்றாக்குறையில் குறியீட்டின்படியே வரிசைப்படுத்த வேண்டும் என்றும் சொல்லித்தரப்படுகிறது. அப்படியே செய்து பார்ப்போம். கம்ப்ரசர் 25, மணல் மீட்பு 30. செலவு 55, மீதம் 45. அடுத்தது உலை, அதற்கு 50 வேண்டும், 5 இலட்சம் குறைகிறது. அதைத் தாண்டினால் மெஷின் ஷாப், அதற்கும் போதாது. கடைசியாக ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு 20 போகிறது. மொத்த நிகர மதிப்பு 28. 25 இலட்சம் பயனின்றிக் கிடக்கிறது. அதை வங்கியில் வைப்பாகப் போட்டாலும் 12 விழுக்காட்டுக்குக் குறைவாகவே வட்டி வரும் என்பதால், மதிப்பில் அது எதையும் கூட்டுவதில்லை.

சரியான வழி என்று சொல்லப்பட்டது 28-ஐயும், தவறான வழி என்று சொல்லப்பட்டது 32-ஐயும் தந்திருக்கின்றன. குறியீட்டின் வரையறையில் பிழை ஏதும் இல்லை. திட்டங்களைத் துண்டாக்க முடிந்தால் மட்டுமே குறியீட்டு வரிசை உயர்ந்த விடையை உறுதியாகத் தரும் என்ற நிபந்தனைதான் இங்கே மறக்கப்பட்டது. உலையின் பத்தில் ஒன்பது பங்கை மட்டும் வாங்க முடியுமானால், மீதமிருந்த 45 இலட்சமும் அதில் போய், 18-இல் பத்தில் ஒன்பது பங்கான 16.2 கிடைத்து, மொத்தம் 39.2 ஆகியிருக்கும். நிலம் வாங்குவதிலும், ஒரே மாதிரியான பல வண்டிகளை வாங்குவதிலும் இந்தத் துண்டாக்கம் ஓரளவு நடக்கும். உலையில் நடக்காது, முக்கால் உலையில் இரும்பு உருகாது.

ஆனால் அந்த 39.2 வீணான எண் அல்ல. 100 இலட்சத்தை எந்தச் சேர்க்கையில் போட்டாலும் அதற்கு மேல் பெற முடியாது என்ற உச்சவரம்பு அது. எந்த விடை கையில் வந்தாலும், உச்சவரம்பிலிருந்து அது எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று பார்த்தால், மேலும் தேடுவதற்கு இடமிருக்கிறதா என்று தெரிந்துவிடும். 28 என்பது வெகுதொலைவு. குறியீட்டு வரிசையால் வந்த விடையில் பெருந்தொகை மீதமிருந்தால், அதுவே வரிசை ஏமாற்றிவிட்டது என்பதற்கான முதல் அடையாளம்.

ஐந்து திட்டங்கள்தான் என்பதால், 100-க்குள் அடங்கும் சேர்க்கைகளை ஒரு தாளிலேயே எழுதிப் பார்த்துவிடலாம். உலை, மணல் மீட்பு, ஸ்பெக்ட்ரோமீட்டர் மூன்றும் சேர்ந்தால் சரியாக 100 இலட்சம். நிகர மதிப்பு 35. உலை, கம்ப்ரசர், ஸ்பெக்ட்ரோமீட்டர் சேர்ந்தால் 95 இலட்சத்துக்கு 34. மற்றவை எல்லாம் இவற்றுக்குக் கீழே. ஆக, குறியீட்டில் முதலிடம் பெற்ற கம்ப்ரசர் வெளியே நிற்கிறது. கடைசி இடத்திலிருந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ளே வருகிறது. கணக்குத் தெரிந்தவர்களுக்கே இதை முதலில் ஏற்றுக்கொள்ளத் தயக்கம் இருக்கும். ஸ்பெக்ட்ரோமீட்டர் தன் தகுதியால் மட்டும் உள்ளே வரவில்லை. உலையும் மணல் மீட்பும் விட்டுவைத்த 20 இலட்சத்தில் பொருந்துவது அது ஒன்றுதான்.

வகுக்கும் எண்ணில் எதைச் சேர்ப்பது?

அட்டவணையில் மெஷின் ஷாப்பின் முதலீடு 70 என்று இருக்கிறது. பிரிவு முதலில் அனுப்பிய கோப்பில் அது 55 என்றுதான் இருந்தது. எந்திரங்களின் விலையும் அடித்தள வேலையும் மட்டும் அதில் சேர்ந்திருந்தன. கடைந்து முடித்த பாகங்களின் இருப்புக்கும், வாடிக்கையாளர் பணம் தருவதற்குக் கொடுக்க வேண்டிய தவணைக்கும் தேவையான 15 இலட்சம் நடைமுறை மூலதனம், வரவுகளிலிருந்து கழிக்கப்பட்டிருந்தது. அதாவது 90 கழித்தல் 15, வகுத்தல் 55, குறியீடு 1.36. நிகர மதிப்பு இரண்டு விதத்திலும் அதே 20தான். எனவே நிகர மதிப்பை மட்டும் சரிபார்ப்பவரின் கண்ணில் இந்த வேறுபாடு படாது. ஒரே தொகையை மேலே கழித்தாலும் கீழே கூட்டினாலும் வித்தியாசம் மாறுவதில்லை, விகிதம் மாறிவிடும்.

இது ஏட்டளவில் நிற்கும் குறை அல்ல. 55 என்ற எண்ணே நின்றிருந்தால், மெஷின் ஷாப், கம்ப்ரசர், ஸ்பெக்ட்ரோமீட்டர் மூன்றும் சேர்ந்து சரியாக 100 இலட்சத்தில் 36 தருவதாகத் தோன்றியிருக்கும். 35-ஐவிட அது அதிகம் என்பதால் அதுவே தேர்வாகியிருக்கும். எந்திரங்கள் வந்து இறங்கி, முதல் வார்ப்புகள் கடைசலுக்குப் போகும்போது 15 இலட்சம் இல்லை என்பது தெரிந்திருக்கும். கடன் வாங்கவும் வழி இருக்காது.

எனவே வகுக்கும் எண்ணுக்கான விதி ஒன்றுதான்: பற்றாக்குறை எந்தக் காலத்தின் பணத்தில் இருக்கிறதோ, அந்தக் காலத்தில் அந்தப் பணத்திலிருந்து போவது எல்லாம் அதில் சேர வேண்டும், மற்றவை சேரக் கூடாது. அந்த 15 இலட்சம் அடுத்த ஆண்டில்தான் தேவைப்படும் என்றால், இந்த ஆண்டின் கணக்கில் அதை மேலே கழிப்பதுதான் முறை. பெயர் ‘முதலீடு’ என்றிருக்கிறதா, ‘செலவு’ என்றிருக்கிறதா என்பது இங்கே பொருட்டல்ல. கோப்புகளில் உள்ள முதலீட்டுத் தொகைகளைக் கூட்டி, ஆலையின் மாதவாரி ரொக்கத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இந்தப் பிழை உடனே வெளிப்படும்.

குறைகின்ற 5 இலட்சத்தின் மதிப்பு

குறியீட்டு வரிசை இறுதி விடையைத் தராவிட்டாலும், எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டிவிட்டது. முதல் மூன்று இடங்களில் உள்ள கம்ப்ரசர், மணல் மீட்பு, உலை ஆகியவற்றுக்கு 105 இலட்சம் வேண்டும். அவை தரும் நிகர மதிப்பு 41. இப்போதைய சிறந்த சேர்க்கையைவிட 6 அதிகம். வரம்பு 5 இலட்சம் தளர்ந்தால், அந்த 5 இலட்சம் தன்னைத் திருப்பித் தந்த பிறகும் 6 இலட்சம் மதிப்பைக் கூட்டுகிறது.

ஆகவே நிதிப் பிரிவு உலை விற்பவரிடம் பேசுகிறது. விலையில் 5 இலட்சத்தை ஓர் ஆண்டு கழித்துத் தருவதற்கு அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அப்போது 6 இலட்சமாகத் தர வேண்டும் என்கிறார். இது 20 விழுக்காடு வட்டி. 12 விழுக்காட்டில் கணக்கிடும் ஆலைக்கு இது அநியாயமாகத் தோன்றும். பல நிறுவனங்களில் இந்த இடத்திலேயே பேச்சு முறிந்துவிடும். கணக்கு வேறு சொல்கிறது. ஓராண்டுக்குப் பின் தரும் 6 இலட்சத்தின் இன்றைய மதிப்பு 5.36, ஆகவே தவணைக்கான உண்மை விலை 0.36 இலட்சம். அதைக் கழித்தாலும் 40.64 மிஞ்சுகிறது, அது 35-ஐவிட 5.64 அதிகம். பணம் வரம்புக்குட்பட்டிருக்கும்போது, அதன் விலையை 12 விழுக்காட்டோடு மட்டும் ஒப்பிடுவது தவறான அளவுகோல். அந்தப் பணம் கிடைக்காமல் போனால் கைவிட வேண்டியது என்ன என்பதோடு ஒப்பிட வேண்டும்.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது

இதுவரையிலான கணக்கு முழுவதும், இந்த ஆண்டு விடுபடும் திட்டம் நிரந்தரமாக விடுபடுகிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. இந்த ஆலையின் நிலை அதுவல்ல. 11 மாதங்களில் வங்கி நிபந்தனை முடிகிறது. அடுத்த ஆண்டிலும் குறைந்தது 100 இலட்சம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அப்படியானால், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி, எதைத் தள்ளிப்போடுவது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

ஓராண்டு தள்ளிப்போனால் ஒரு திட்டத்தின் நிகர மதிப்பு 1.12-ஆல் வகுபடுகிறது. கம்ப்ரசரின் 11 என்பது 9.82 ஆகும், இழப்பு 1.18. உலையின் 18 என்பது 16.07 ஆகும்; இழப்பு 1.93. மணல் மீட்பில் 1.29, ஸ்பெக்ட்ரோமீட்டரில் 0.54. எல்லாம் சிறு தொகைகள். மெஷின் ஷாப் மட்டும் வேறு. ஆலையின் பெரிய வாடிக்கையாளர் ஒருவர், வார்ப்புகளைக் கடைந்து முடித்த நிலையிலேயே இனி வாங்க விரும்புகிறார்; இந்த ஆண்டுக்குள் ஏற்பாடு செய்யாவிட்டால் அந்த வேலையை வேறு ஆலைக்குக் கொடுத்துவிடுவார். அந்தத் திட்டம் தள்ளிப்போனால் 20-உம் முழுதாகப் போகும்.

இந்த ஒரு செய்தி முடிவைத் தலைகீழாக்குகிறது. இந்த ஆண்டு மெஷின் ஷாப்பும் மணல் மீட்பும், செலவு 100. அடுத்த ஆண்டு உலை, கம்ப்ரசர், ஸ்பெக்ட்ரோமீட்டர்; செலவு 95. ஐந்தும் நிறைவேறுகின்றன. மொத்த நிகர மதிப்பு 66. அதில் தள்ளிப்போட்ட மூன்றின் இழப்பு 3.65 போக, 62.35 மிஞ்சுகிறது. முன்பு சிறந்ததாகத் தெரிந்த உலை, மணல், ஸ்பெக்ட்ரோமீட்டர் சேர்க்கையில், கம்ப்ரசரை அடுத்த ஆண்டு செய்தாலும் 44.82தான். விற்பவரிடம் தவணை பெற்ற வழியிலும், ஸ்பெக்ட்ரோமீட்டர் அடுத்த ஆண்டு சேர்ந்து 45.1 அளவில் நின்றுவிடுகிறது. குறியீட்டில் நான்காம் இடத்திலிருந்த மெஷின் ஷாப், இந்த ஆண்டுப் பணத்துக்கு முதல் உரிமையுள்ளதாகிவிட்டது.

பல ஆண்டுகளுக்கான வரம்புகள் ஒன்றுசேரும்போது ஒற்றைக் குறியீடு போதாது என்பதை 1955-இல் லோரி, சாவேஜ் என்ற இரு ஆய்வாளர்கள் விவாதித்தார்கள். 1963-இல் வைன்கார்ட்னர் அதை, வரம்புகளுக்குள் உச்ச மதிப்பைத் தேடும் கணித நிரலாக்கச் சிக்கலாக அமைத்துக் காட்டினார். திட்டங்கள் நாற்பது, ஐம்பது என்று பெருகும்போது அந்த முறையே தேவைப்படும். இங்கே ஐந்துக்குத் தாளும் பென்சிலும் போதும்.

தள்ளிப்போடும் கணக்கிலும் நம்பிக்கை வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஓராண்டு கழித்துச் செய்தாலும் அதே விலைக்கு அதே பயன் கிடைக்கும் என்று 1.12-ஆல் வகுக்கும்போது நாம் கருதிக்கொள்கிறோம். பழைய உலை ஆண்டின் நடுவில் பழுதாகி நின்றால் அது பொய்த்துவிடும். ஆனால் இரண்டு வழிகளுக்கும் இடையே 17 இலட்சம் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. உலையைத் தள்ளிப்போடும் இழப்பு 1.93-க்குப் பதிலாக 5 ஆனாலும், ஏன் 10 ஆனாலும், முடிவு மாறாது.

இதைவிடப் பெரிய ஐயம் அடுத்த ஆண்டுப் பணத்தைப் பற்றியது. அது வராமலே போனால், மெஷின் ஷாப்பும் மணல் மீட்பும் மட்டும் நின்று 32 தரும். தவணை பெற்ற வழியில் 40.64 கிடைத்திருக்கும். இழப்பு ஏறக்குறைய 9. பணம் வந்தால் கிடைக்கும் கூடுதல் 17. இரண்டையும் எடைபோட்டால், அடுத்த ஆண்டு 100 இலட்சம் கிடைக்க மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாய்ப்பு இருந்தாலே மெஷின் ஷாப் வழி மேலானது. கடன் ஒழுங்காக அடைபட்டுவரும் ஓர் ஆலைக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று கருதுவது பொருத்தமே.

மீதமிருப்பது வாடிக்கையாளரின் வாய்ச்சொல். மெஷின் ஷாப்பின் 20 முழுவதும் அந்த ஆர்டரை நம்பியிருக்கிறது. அது எழுத்தில் வரும்வரை எந்திரங்களுக்கு முன்பணம் கொடுப்பது சரியல்ல. அதற்காக எல்லாவற்றையும் நிறுத்திவைக்கவும் தேவையில்லை. மணல் மீட்பு எல்லாச் சிறந்த சேர்க்கைகளிலும் இருக்கிறது. ஆகவே அதற்கான 30 இலட்சத்தை இப்போதே ஒதுக்கி வேலையைத் தொடங்கலாம். எஞ்சும் 70 இலட்சம் மெஷின் ஷாப்புக்குச் சரியாகப் போதும். உலைக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கும் சேர்த்தும் சரியாகப் போதும். எனவே வாடிக்கையாளருக்கு மூன்று மாதக் கெடு வைத்து, அதுவரை அந்த 70 இலட்சத்தைத் தொடாமல் வைத்திருந்து, அதே மூன்று மாதங்களுக்கு உலை விற்பவரின் தவணைச் சலுகையையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வதே இந்த ஆய்வு பரிந்துரைக்கும் நடவடிக்கை. ஆர்டர் எழுத்தில் வந்தால் பணம் மெஷின் ஷாப்புக்குப் போகும். வராவிட்டால் அந்தச் சலுகையைப் பயன்படுத்தி உலையையும் கம்ப்ரசரையும் வாங்கலாம். ஸ்பெக்ட்ரோமீட்டர் அடுத்த ஆண்டின் வரிசையில் நிற்கும்.